நர்சிங் நோட்ஸிலிருந்து மருத்துவச் சொற்பட்டியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் தமிழில் படித்துவிட்டு நர்சிங் கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் மாணவர்கள் சொற்பட்டியல் தயாரிக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே உள்ளன. எல்லாப் பதில்களுக்கும் ஒரே நோட்ஸை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: மூச்சுத்திணறலோடு வரும் நோயாளியைப் பராமரிப்பது பற்றிய நாலு பக்கப் பாடக் குறிப்பு. ஒரு நோட்ஸை முழுசாகச் செய்து பார்த்தவருக்கு அடுத்தது தானாக வரும் என்பதால் வேறு பாடங்களுக்குத் தாவவில்லை.

நாலு பக்க நோட்ஸ்ல எந்தச் சொல்லை எடுக்கறது, எதை விடறது? எல்லாமே புதுசாத்தான் இருக்கு.

முதல் வாசிப்பில் எதையும் எழுத வேண்டாம். பென்சிலால் வட்டம் மட்டும் போடுங்கள். இரண்டாவது வாசிப்பில் வட்டம் போட்ட ஒவ்வொரு சொல்லிடமும் நின்று, "இதை நோயாளியின் மகளுக்குத் தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியுமா?" என்று கேளுங்கள். தடங்கல் இல்லாமல் சொல்ல முடிந்தால் வட்டத்தை அழித்துவிடலாம். தடுமாறினால் அந்தச் சொல் பட்டியலுக்கு உரியது. ஆக்ஸிஜன், மாஸ்க், எக்ஸ்ரே போன்றவை இந்தச் சோதனையிலேயே உதிர்ந்துவிடும். நாலு பக்கத்தில் 30 முதல் 40 சொல் மிஞ்சினால் அளவு சரி. நூறைத் தாண்டினால் சாதாரண ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இந்தச் சோதனையில் தப்பினாலும் எடுத்தே ஆக வேண்டிய ஒரு வகை உண்டு. காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும் இரட்டைகள்தான் அவை. ஹைப்பாக்ஸியா, ஹைப்பாக்ஸீமியா இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால், ஒன்று தெரியும் என்று நினைத்தாலும் இரண்டையும் எழுதுங்கள்.

நோட்டுல இங்கிலீஷ் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் போட்டா போதாதா?

போதாது. தமிழ்ப் பக்கத்தில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. பாடத்தைப் புரிந்துகொள்ள ஒரு துல்லியமான கலைச்சொல் வேண்டும். நோயாளி வாயிலிருந்து வருகிற பேச்சுச் சொல் வேறொன்று. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால், எது பரீட்சைக்கு, எது வார்டுக்கு என்று ஒரு மாதத்தில் உங்களுக்கே மறந்துபோகும்.

ஐந்து பத்தி போடுங்கள். முதலில் ஆங்கிலச் சொல், நோட்ஸில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில். அடுத்து தமிழ்க் கலைச்சொல். மூன்றாவது, நோயாளி சொல்லும் விதம். நான்காவது, ஒரு வரி விளக்கம். ஐந்தாவது, நோட்ஸின் பக்க எண். பக்க எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், அது எந்த வாக்கியத்தில் வந்தது என்று பார்க்காமல் தீர்க்க முடியாது. அந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போக அந்த எண் ஒன்றுதான் வழி.

தமிழ்ச் சொல்லை எங்கே தேடறது?

உங்கள் பழைய பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் தொடங்குங்கள். நுரையீரல், மூச்சுக்குழல், உதரவிதானம் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்தவை. உறுப்புகளின் பெயருக்கு அகராதியைத் தேட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. அதில் இல்லாததற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் அகராதியையும், தமிழ்நாடு அரசின் சொற்குவைத் தளத்தையும் பாருங்கள். அரசு மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் காசநோய், நீரிழிவு விழிப்புணர்வுத் தாள்களும் நல்ல ஊற்று. அவற்றில் இருக்கும் சொல் நோயாளியின் கண்ணில் ஏற்கெனவே பட்ட சொல்.

இலங்கையில் வெளியான சொற்றொகுதிகள் கைக்குக் கிடைத்தால் அவற்றையும் பார்க்கலாம். ஆனால் வழக்கு மாறும். நாம் செவிலியர் என்பதை அங்கே தாதியர் என்பார்கள். அறுவை சிகிச்சை அங்கே சத்திரசிகிச்சை, ரத்த அழுத்தம் அங்கே குருதி அமுக்கம். இரண்டும் தமிழ்தான், இரண்டும் சரிதான். ஒரே பட்டியலுக்குள் கலந்து வைத்தால்தான் படிப்பவர் இரண்டு வெவ்வேறு பொருள் என்று நினைத்துவிடுவார்.

அகராதியில ஒரு சொல்லுக்கு நாலு தமிழ் போட்டிருக்கு. எதை எழுதறது?

அந்தச் சொல்லைத் தனியாக வைத்துக்கொண்டு இதற்குப் பதில் காண முடியாது. அதன் குடும்பத்தையே ஒன்றாக வைத்துப் பாருங்கள். நம் நோட்ஸில் 'ப்னியா' என்று முடியும் சொற்கள் நாலு வருகின்றன: டிஸ்ப்னியா, டாக்கிப்னியா, ஆர்த்தோப்னியா, ஏப்னியா. 'ப்னியா' என்றால் மூச்சு. அகராதியையும் நண்பர்களையும் கேட்டால் மூச்சுத்திணறல், மூச்சிரைப்பு, மூச்சு வாங்குதல், மூச்சடைப்பு என்று ஒரு கைப்பிடிச் சொற்கள் வரும். முதல் சொல்லுக்கு எதையோ எழுதிவிட்டு நகர்ந்தால், மூன்றாவது சொல் வரும்போது அதே தமிழ் மறுபடி வந்து நிற்கும்.

நாலையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதி, ஒவ்வொன்றையும் யார், எப்படி அறிகிறார்கள் என்று பாருங்கள். டிஸ்ப்னியா நோயாளி உணர்வது. அவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும். அதற்கு மூச்சுத்திணறல் பொருந்தும். டாக்கிப்னியா நாம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவது. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சுவிடுவார், 20க்கு மேலே போனால் டாக்கிப்னியா. அதற்கு வேகமூச்சு என்று எழுதலாம். ஆர்த்தோப்னியா படுத்தால் வந்து, எழுந்து உட்கார்ந்தால் குறைகிற திணறல். இதற்கு ஒற்றைச் சொல் தேடி மல்லுக்கட்ட வேண்டாம், 'படுத்தால் மூச்சுத்திணறல்' என்றே எழுதுங்கள். ஏப்னியா மூச்சு நின்றுபோவது.

இப்படி வைத்துப் பார்த்தால், 'மூச்சு வாங்குதல்' என்று முதல் இரண்டுக்கும் பொதுவாக எழுதுவது ஏன் தவறு என்பது விளங்கும். கடும் காய்ச்சலில் ஒருவர் நிமிடத்துக்கு 26 தடவை மூச்சுவிட்டுக்கொண்டே "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை" என்று சொல்லலாம். அவருக்கு வேகமூச்சு இருக்கிறது, மூச்சுத்திணறல் இல்லை. பட்டியலில் இரண்டும் ஒன்றாகிவிட்டால், அவரைப் பற்றிய குறிப்பும் தவறாகிவிடும்.

ஹைப்போ, ஹைப்பர், டாக்கி மாதிரி ஒட்டுகளைத் தெரிஞ்சுக்கிட்டு அப்படியே தமிழாக்கிட்டா வேலை முடிஞ்சுடாதா?

பாதி வேலை முடியும். ஹைப்போ குறை, ஹைப்பர் மிகை, டாக்கி வேகம், பிராடி மந்தம் என்று பட்டியலின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டும் கைகொடுக்கும். 'ஈமியா' என்று முடிந்தால் ரத்தத்தில் என்று பொருள். ஹைப்பாக்ஸீமியா 'ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவு' என்றும், ஹைப்பாக்ஸியா 'திசுக்களில் ஆக்ஸிஜன் குறைவு' என்றும் பிரிவது இந்த ஒட்டு தெரிந்தால்தான் புரியும். வெறுமனே 'ஆக்ஸிஜன் குறைவு' என்று இரண்டுக்கும் எழுதினால் நோட்ஸின் அந்தப் பத்தியே அர்த்தமில்லாமல் போகும். கடும் ரத்தசோகை உள்ளவரின் நுரையீரல் நன்றாக வேலை செய்து, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனின் அழுத்தம் சரியாகவே இருக்கலாம். ஆனால் சுமந்து செல்ல ஹீமோகுளோபின் போதாததால் திசுக்களுக்குப் பஞ்சம் வரும்.

மறுபாதியில் ஒட்டு ஏமாற்றும். ஆர்த்தோ என்றால் நேராக, நிமிர்ந்து என்று பொருள். அதை அப்படியே தமிழாக்கி 'நேர்மூச்சு' என்று எழுதியவர்கள் உண்டு. படிப்பவருக்கு அது ஏதோ சீரான, நல்ல மூச்சு என்றுதான் படும். நிமிர்ந்தால்தான் மூச்சுவிட முடிகிறது என்ற துன்பம் அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. ஒட்டை வைத்துக் கட்டிய தமிழை நோட்ஸில் உள்ள வாக்கியத்துக்குள் வைத்துப் படியுங்கள். வாக்கியம் நிமிர்ந்து நின்றால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விளக்கமாக எழுதுங்கள்.

நோயாளிங்க சொல்ற வார்த்தை ஊருக்கு ஊர் மாறுதே, எல்லாத்தையும் எழுதணுமா?

உங்கள் வார்டில் கேட்பதை எழுதுங்கள். ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அதற்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு, பிரித்தறிய என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இந்தப் பட்டியலில் பரீட்சைக்கு உதவாமல் உயிருக்கு உதவுகிற பகுதி இதுதான்.

நம் பாடத்தில் இரண்டு சொற்கள் கட்டாயம் குறி பெற வேண்டும். 'இளைப்பு' என்றால் மூச்சிரைப்பு. "இளைச்சுட்டார்" என்று மனைவி சொன்னாலோ உடம்பு மெலிந்துவிட்டார் என்று பொருள். "நடந்தா இளைக்குதா, உடம்பு இளைச்சிருக்கா?" என்று கேட்டால் தெளிந்துவிடும். காசநோயில் இரண்டுமே இருக்கக்கூடும் என்பதால் கேட்காமல் விடக் கூடாது. 'இழுப்பு' இன்னும் சிக்கலானது. சில குடும்பங்களில் அது ஆஸ்துமாவின் வீசிங், சில குடும்பங்களில் வலிப்பு. "குழந்தைக்கு ராத்திரி இழுப்பு வந்துச்சு" என்று தாய் சொன்னால், "மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டுச்சா, கை கால் வெட்டி இழுத்துச்சா?" என்று கேட்ட பிறகே எதையும் எழுத வேண்டும். இலங்கைத் தமிழர் ஒருவர் 'தொய்வு' அல்லது 'முட்டு' என்றால் அவர் பெரும்பாலும் ஆஸ்துமாவைச் சொல்கிறார்.

ஸ்பூட்டம்னா சளின்னு எழுதினேன், அது பத்தாதுன்னு மேடம் அடிச்சுட்டாங்க. சளிதானே அது?

சளிதான். ஆனால் தமிழில் சளி மிகப் பெரிய சொல். மூக்கில் ஒழுகுவதும் சளி, தொண்டையில் கட்டுவதும் சளி, நெஞ்சிலிருந்து இருமி வருவதும் சளி. "சளி பிடிச்சிருக்கு" என்றால் ஜலதோஷம். நோட்ஸில் உள்ள ஸ்பூட்டம் நுரையீரலிலிருந்தும் மூச்சுக்குழல்களிலிருந்தும் இருமி வெளியேற்றப்படுவதை மட்டும் குறிக்கிறது. கலைச்சொல் பத்தியில் 'கோழை' என்றும், நோயாளி பத்தியில் 'நெஞ்சுச் சளி' என்றும் எழுதினால் மேடம் அடிக்க மாட்டார். கோழை என்ற சொல்லை நோயாளியிடம் சொல்ல வேண்டாம். பயந்தவனைத் திட்டும் சொல்லாகத்தான் பலருக்கு அது தெரியும்.

வித்தியாசம் எங்கே தெரிகிறது என்றால், மாதிரி சேகரிக்கும் டப்பாவில். காசநோய்ப் பரிசோதனைக்கு டப்பாவைக் கையில் கொடுத்து "சளி துப்பிக் கொண்டாங்க" என்று மட்டும் சொன்னால், பலர் வாயில் ஊறிய எச்சிலைத் துப்பி மூடிக் கொண்டுவருவார்கள். அது தெளிவாக, நீர்த்து, மேலே நுரையோடு இருக்கும். நெஞ்சுச் சளி கெட்டியாக, கலங்கலாக, பெரும்பாலும் மஞ்சள் அல்லது பச்சை கலந்து இருக்கும். எச்சிலில் கிருமி இல்லை என்று முடிவு வந்தால் அதை நம்ப முடியாது. அதனால் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் விளக்கப் பத்தியில் சொல்லும் முறையையே எழுதிவிடுங்கள்: "வாயைத் தண்ணியால கொப்புளிங்க. ரெண்டு மூணு தடவை நல்லா மூச்சை இழுத்து விடுங்க. அப்புறம் அடிநெஞ்சிலிருந்து இருமி வர்றதைத் துப்புங்க, எச்சில் வேண்டாம்."

நெபுலைசர், இன்ஹேலர் எல்லாத்துக்கும் தமிழ் போட்டே ஆகணுமா?

வேண்டாம். நோயாளியும் நர்ஸும் மருந்துக் கடைக்காரரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள் என்றால் அது தமிழுக்குள் வந்துவிட்ட சொல். தமிழ் எழுத்தில் எழுதி, விளக்கப் பத்தியில் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி போடுங்கள். நெபுலைசர்: திரவ மருந்தை மூச்சோடு உள்ளே போகும் மெல்லிய துளிகளாக்கும் கருவி. ஆக்ஸிஜனுக்கு உயிர்வளி, பிராணவாயு என்ற சொற்கள் உண்டு. படித்து அறிந்துவைப்பது நல்லது, ஆனால் பட்டியலில் ஆக்ஸிஜனே இருக்கட்டும்.

இந்தக் கேள்வி பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொல் தொகுதிகளும் உருவாக்கினார். எந்தச் சொல்லைத் தமிழில் சொல்வது, எதை ஒலிபெயர்ப்பது என்று அவரும் சொல் சொல்லாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கான எல்லைக்கோடு எளிது. கருவி, மருந்து, நோய்க்கிருமியின் பெயர் என்றால் ஒலிபெயர்ப்பு. உடம்பு, உணர்வு, அறிகுறி என்றால் தமிழ்.

ஷார்ட் ஃபார்ம் எல்லாம் பட்டியல்ல வரணுமா?

நோட்ஸில் இருப்பவை எல்லாம் வர வேண்டும், தனி வரியாக. சுருக்கத்தை ஆங்கிலச் சொல்லின் பக்கத்தில் ஒட்டி எழுதினால் வரிசைப்படுத்தும்போது கிடைக்காது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் திரையில் தெரிகிற SpO2 என்பதை அதே எழுத்தில் எழுதி, 'விரலில் மாட்டும் கருவி காட்டும் ரத்த ஆக்ஸிஜன் செறிவு, சதவீதத்தில்' என்று விளக்குங்கள்.

கவனிக்க வேண்டியது, ஒரே சுருக்கம் இரண்டு பொருளில் வருவது. நம் பாடத்திலேயே பி.என்.டி. அப்படிப்பட்டது. இதயம் பற்றிய பத்தியில் அது பராக்ஸிஸ்மல் நாக்டர்னல் டிஸ்ப்னியா, அதாவது தூங்கி ஓரிரு மணி நேரத்தில் திடீரென்று மூச்சுமுட்டி விழித்து எழுவது. நாள்பட்ட இருமல் பற்றிய பத்தியில் அதே எழுத்துகள் போஸ்ட் நேசல் ட்ரிப், மூக்கின் பின்பக்கமாகச் சளி தொண்டைக்குள் இறங்குவது. ஒன்று இதயம் தளர்கிறது என்பதற்கான எச்சரிக்கை, மற்றது பெரும்பாலும் மூக்குப் பிரச்சினை. இரண்டு வரியாக எழுதி, இரண்டுக்கும் பக்க எண் போடுங்கள். பக்க எண் எதற்கு என்று முதலில் கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடைக்கும்.

கம்ப்யூட்டர்ல டைப் பண்ணினா தேடறப்ப கிடைக்க மாட்டேங்குது, வரிசையும் தப்பா வருது. ஏன்?

தேடிக் கிடைக்காததற்குப் பெரும்பாலான காரணம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், தமிழ் கலைந்து ஆங்கிலக் குப்பை தெரிந்தால் அதுதான் காரணம். யூனிகோடில் அடித்த பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காரணம் எழுத்துக்கூட்டல். இரத்தம், ரத்தம் இரண்டையும் கலந்து எழுதினால் ஒன்றைத் தேடும்போது மற்றது தப்பிப்போகலாம். தொடக்கத்திலேயே ஒன்றை முடிவுசெய்யுங்கள்.

வரிசை தப்புவது, சில மென்பொருள்கள் யூனிகோடு எண்ணை வைத்து அடுக்குவதால். அந்த எண்வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் வரும், நம் நெடுங்கணக்கில் இரண்டும் கடைசியில். அதனால் ஆங்கிலப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துவது நல்லது. ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதிவிட்டீர்களா என்று பார்க்க, ஆங்கிலச் சொல் A பத்தியில் இருந்தால், G பத்தியிலும் H பத்தியிலும் இவற்றைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
G2:  =TRIM(A2)
H2:  =COUNTIF(G:G,G2)>1
```

சொல்லுக்கு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் இடைவெளியை முதல் வரி நீக்கும். H பத்தியில் TRUE என்று வந்தால் அந்தச் சொல் இரண்டாவது முறை இருக்கிறது. பி.என்.டி. போல வேண்டுமென்றே இரண்டு வரி போட்டதும் TRUE காட்டும், அதை அழித்துவிடாதீர்கள்.

எழுதி முடிச்சாச்சு. சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது?

ஆங்கிலப் பத்தியை ஒரு தாளால் மறைத்து, உங்கள் வகுப்புத் தோழியிடம் தமிழையும் விளக்கத்தையும் மட்டும் காட்டுங்கள். அவர் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அவர்மேல் தவறு இல்லை, அந்த வரியில்தான் இருக்கிறது. ஹீமாப்டிசிஸ், ஹீமடமெசிஸ் இரண்டும் இந்தச் சோதனையில் அடிக்கடி மாட்டும். 'வாய் வழியாக ரத்தம்' என்று எழுதியிருந்தால் தோழியால் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. முதலாவது 'இருமலில் ரத்தம்': நுரையீரல் பக்கத்திலிருந்து வருவது, பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பு, நுரை கலந்திருக்கும். இரண்டாவது 'ரத்த வாந்தி': இரைப்பைப் பக்கத்திலிருந்து வருவது, கருத்து, காப்பித்தூள் போலவும் இருக்கலாம், சாப்பாடு கலந்திருக்கலாம். நோயாளி இரண்டையும் "ரத்தம் ரத்தமா வருது" என்றுதான் சொல்வார் என்பதால், இளைப்புக்குச் செய்ததுபோல இங்கேயும் கேள்வியை எழுதிவையுங்கள்: "இருமும்போது வந்துச்சா, குமட்டி வாந்தியில வந்துச்சா?"

அடுத்து, மருத்துவம் படிக்காத ஒருவரிடம், வீட்டில் அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ, மூன்றாம் பத்தியை மட்டும் படித்துக்காட்டி என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு சோதனையிலும் தடுக்கிய வரிகளை மட்டும் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். நாற்பது வரியையும் தூக்கிக்கொண்டு போனால் அவர் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆறு வரி என்றால் ஆறையும் உட்கார்ந்து திருத்துவார்.

நோயாளி தமிழ்ல சொன்னதைப் பட்டியலைப் பார்த்து நேரா இங்கிலீஷ்ல கேஸ் ஷீட்ல எழுதிடலாமா?

இல்லை. பட்டியல் ஒரு திசையில்தான் பாதுகாப்பானது, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. திரும்பி வரும்போது இடையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். "படுத்தா மூச்சு முட்டுதும்மா" என்று ஒரு பெரியவர் சொன்னால் உடனே ஆர்த்தோப்னியா என்று எழுதத் தோன்றும். முதலில் அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே மேற்கோளாக எழுதுங்கள். பிறகு கேளுங்கள்: "ஐயா, உட்கார்ந்தா சரியாகுதா? ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க? முன்னாடி எத்தனை வெச்சீங்க?" ஒன்று வைத்தவர் இப்போது மூன்று வைக்கிறார், உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அந்தச் சொல்லை எழுத ஆதாரம் கிடைத்துவிட்டது, தலையணை எண்ணிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டும். அவர் "உட்கார்ந்தாலும் அப்படியேதான் இருக்கு, மூக்கு அடைச்சிருக்கு" என்றால் அது வேறு சங்கதி, அதை அப்படியே எழுதுங்கள்.

அறுவைக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்கவும் உங்கள் பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மருத்துவமனை அங்கீகரித்த தமிழ்ப் படிவம்தான் செல்லும், விளக்க வேண்டியவர் மருத்துவர்.